மசக்கை ஆட்டிவைக்கும் தைராய்டு

பத்தாவது வாரம். காலையில் குடித்த அரை டம்ளர் கஞ்சித் தண்ணீர் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது. அதற்கு முந்தின நாள் நன்னாரி சர்பத், அதற்கு முன்பு மோர், எதுவும் தங்கவில்லை. உதடு காய்ந்து, கண் உள்ளே போய், எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, நீட்டிய விரல்கள் லேசாக நடுங்குகின்றன. நாள் தள்ளிப்போகும் முன் 52 கிலோ இருந்தவள் இப்போது 48. "மசக்கைன்னா இப்படித்தான் இருக்கும், நானெல்லாம் அஞ்சு மாசம் வரைக்கும் எடுத்தவதான்" என்று முதலில் சொல்லிக்கொண்டிருந்த அம்மாவே பயந்துபோய் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிவந்துவிட்டார்.

இவள் ஒருத்தி அல்ல. இப்படி வந்த பல பெண்களின் விவரங்களைச் சேர்த்து ஒருத்தியாக்கிச் சொல்கிறேன். வயது 26, முதல் கர்ப்பம், இதற்கு முன் எந்த வியாதியும் இல்லை. வந்தவுடன் ரத்தம் எடுத்தார்கள். மாலையில் வந்த லேப் ரிப்போர்ட்டில் ஒரு வரியைத் தடித்த எழுத்தில் அடித்திருந்தார்கள். டி.எஸ்.ஹெச். 0.01-க்கும் கீழே. அதற்கு அடுத்த வரியில் ஃப்ரீ டி4 2.3, அந்த லேபின் உச்ச அளவு 1.7. ரிப்போர்ட்டைப் பார்த்த எவருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: தைராய்டு மிகையாகச் சுரக்கிறது. படபடப்பு, நடுக்கம், எடை குறைவு எல்லாம் அதற்குப் பொருந்தியும் வருகின்றன.

கார்பிமசோல் மாத்திரையை எழுதக் கை போகும் இடம் இதுதான். பெரும்பாலான நேரம் அந்தக் கை நிற்க வேண்டிய இடமும் இதுதான்.

ஏனென்றால் இவளுடைய தைராய்டுக்கு வியாதி எதுவும் இல்லை. அதைத் தட்டி எழுப்பிக்கொண்டிருப்பது வயிற்றில் வளரும் கரு. கரு கருப்பையில் ஒட்டிய நாளிலிருந்து நஞ்சுக்கொடியின் செல்கள் ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. வீட்டில் சிறுநீர் விட்டுப் பார்க்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டையில் இரண்டாவது கோடு விழுவது இந்த ஹார்மோனால்தான். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை டி.எஸ்.ஹெச். இந்த இரண்டு ஹார்மோன்களும் இரண்டு இரண்டு துண்டுகள் சேர்ந்தவை. ஒரு துண்டு இரண்டிலும் அச்சு அசலாக ஒன்றே. மற்றத் துண்டு வேறு என்றாலும் ஓரளவு சாயல் உண்டு. ஆகவே டி.எஸ்.ஹெச். என்ற சாவிக்காகச் செய்யப்பட்ட தைராய்டின் பூட்டை ஹெச்.சி.ஜி.யாலும் கொஞ்சம் அசைக்க முடிகிறது. மிகவும் பலவீனமான சாவிதான். ஆனால் எட்டிலிருந்து பதினோராவது வாரத்துக்குள் அதன் அளவு உச்சத்துக்குப் போகும்போது, பலவீனமான சாவிகள் லட்சக்கணக்கில் வந்து பூட்டை ஆட்டுகின்றன. தைராய்டு திறந்துகொள்கிறது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் கூடுவதைப் பார்த்த பிட்யூட்டரி தன் கட்டளையை நிறுத்திக்கொள்கிறது. டி.எஸ்.ஹெச். அடிமட்டத்துக்குப் போவது அதனால்தான்.

எந்தச் சிக்கலும் இல்லாத கர்ப்பத்திலும் இது சிறிய அளவில் நடக்கிறது. முதல் மூன்று மாதத்தில் ஹெச்.சி.ஜி. ஏறும் கோட்டையும் டி.எஸ்.ஹெச். இறங்கும் கோட்டையும் ஒரே தாளில் வரைந்தால், ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பம் போல இருக்கும். அதனால் பொதுவானவர்களுக்கான அளவை ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சடித்துவிட்டு, அதை வைத்துக் கர்ப்பிணியின் டி.எஸ்.ஹெச்.சைக் குறைவு என்று தடித்த எழுத்தில் போடுவது வீண் பயத்தைத்தான் கிளப்பும். முதல் மூன்று மாதத்தில் 0.1, 0.2 என்று வருவது பல பெண்களுக்கு இயல்பே. ஃப்ரீ டி4-உம் எல்லை தாண்டினால்தான் அதற்குத் தனிப் பெயர்: கர்ப்ப காலத் தற்காலிக மிகை தைராய்டு. நூறு கர்ப்பிணிகளில் ஒருவர் முதல் மூவர் வரை இதைப் பார்க்கலாம். கடுமையான மசக்கை உள்ளவர்களிடமும் இரட்டைக் குழந்தை சுமப்பவர்களிடமும் கூடுதலாக.

இந்த உறவுக்கு மிகத் துல்லியமான சாட்சி 1998-ல் வெளியான ஒரு ஆய்வில் இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் கடுமையான வாந்தியும் மிகை தைராய்டும் வந்தன. அவளுடைய அம்மாவுக்கும் அப்படியே வந்திருந்தது. இருவரின் ஹெச்.சி.ஜி. அளவிலும் விசேஷம் எதுவும் இல்லை. பிறகு மரபணுவைப் பார்த்தார்கள். தைராய்டில் உள்ள பூட்டில், அதாவது டி.எஸ்.ஹெச். ஏற்பியில், 183-ஆவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. லைசின் இருக்க வேண்டிய இடத்தில் அர்ஜினின். அந்த ஒரு மாற்றத்தால் பூட்டு ஹெச்.சி.ஜி.யிடம் அளவுக்கு மீறி இளகிவிட்டது. கர்ப்பம் இல்லாத காலத்தில் அம்மாவும் மகளும் நன்றாகவே இருந்தார்கள். இப்படிப்பட்ட குடும்பங்கள் மிக மிக அரிது. ஆனால் தைராய்டைத் திறப்பது ஹெச்.சி.ஜி.தான் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சோதனையும் காட்ட முடியாது.

அப்படியென்றால் இந்த வாந்திக்குக் காரணம் தைராய்டா? தைராய்டை அடக்கினால் வாந்தி நின்றுவிடுமா? குடும்பத்தார் கேட்பது இதைத்தான், நியாயமான கேள்விதான். பெரும்பாலும் பதில் இல்லை என்பதே. 2023-ன் இறுதியில் மார்லினா ஃபெஜோ, ஸ்டீபன் ஓ'ரஹிலி முதலியோர் வெளியிட்ட ஆய்வு வாந்தியின் வேரை வேறு இடத்தில் காட்டியது. ஜி.டி.எஃப்.15 என்ற புரதத்தைக் கருவும் நஞ்சுக்கொடியும் நிறையச் சுரக்கின்றன. அது மூளைத்தண்டுக்குப் போய்க் குமட்டலை எழுப்புகிறது. கர்ப்பத்துக்கு முன் ரத்தத்தில் இந்தப் புரதம் குறைவாக இருந்த பெண்கள், திடீரென்று அது ஏறும்போது அதிகம் தவிக்கிறார்கள். பீட்டா தலசீமியா உள்ள பெண்களின் உடம்பில் அது எப்போதுமே கூடுதலாக இருப்பதால் அவர்களுக்கு மசக்கை வாந்தி குறைவு. ஆக, நஞ்சுக்கொடி ஒரு கையால் மூளையைத் தொட்டுக் குமட்டலை உண்டாக்குகிறது, இன்னொரு கையால் தைராய்டைத் தட்டுகிறது. இரண்டும் ஒரே வாரங்களில் நடப்பதால் ஒன்றுக்கு மற்றது காரணம் போலத் தெரிகிறது. கார்பிமசோல் கொடுத்து ஃப்ரீ டி4-ஐ இறக்கினாலும் வாந்தி தன் போக்கில்தான் போகும்.

அந்த மாத்திரை சும்மாவும் இருக்காது. கரு உறுப்புகளை உருவாக்கிக்கொண்டிருக்கும் ஆறிலிருந்து பத்தாவது வாரத்துக்குள் கார்பிமசோல் சேர்ந்தால், நூறில் சில குழந்தைகளுக்குப் பிறவிக் குறை வரலாம். உச்சந்தலையில் ஒரு திட்டு தோலே இல்லாமல் பிறப்பது, மூக்கின் பின்வழி அடைபட்டிருப்பது, தொப்புள் வழியாகக் குடல் பிதுங்கியிருப்பது போன்றவை. புரொப்பைல்தயோயுராசில் என்ற மற்ற மருந்துக்கு இந்த ஆபத்து குறைவு, லேசானது. ஆனால் அது அரிதாகத் தாயின் கல்லீரலைக் கடுமையாகக் கெடுக்கும். ஏற்கெனவே வாந்தியால் கல்லீரல் என்சைம்கள் கொஞ்சம் ஏறியிருக்கும் பெண்ணிடம் அந்த விளையாட்டு வேண்டாம். இரண்டு மருந்துகளும் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் தைராய்டையும் அடக்கக்கூடியவை. அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2017 வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்கிறது: கர்ப்பத் தற்காலிக மிகை தைராய்டுக்கு இந்த மருந்துகள் வேண்டாம். நீரிழப்பையும் வாந்தியையும் கவனித்தால் போதும்.

மறுபக்கத்தில் இருப்பது கிரேவ்ஸ் நோய். 1835-ல் டப்ளினில் ராபர்ட் கிரேவ்ஸ் எழுதி வைத்ததால் அந்தப் பெயர். இதில் தைராய்டைத் தட்டுவது கரு அல்ல, பெண்ணின் சொந்த நோயெதிர்ப்பு அமைப்பு. கிருமிகளைத் தாக்க வேண்டிய எதிர்ப்பொருள்களில் ஒரு வகை வழிதவறி, தைராய்டின் அதே டி.எஸ்.ஹெச். பூட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பூட்டு ஒன்றே, திறக்கும் கை வேறு. அதனால்தான் டி.எஸ்.ஹெச்., டி4 எண்கள் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கின்றன, காகிதத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடிவதில்லை.

காகிதத்தில் இல்லாததைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். நம் பெண்ணிடம் மகப்பேறு மருத்துவர் முதலில் கேட்டது வாந்தியைப் பற்றி அல்ல.

"நாள் தள்ளுறதுக்கு முன்னாடி எப்படிம்மா இருந்தே? நெஞ்சு படபடப்பு, வேர்க்குறது, தூக்கமில்லாம இருக்கிறது, கை நடுங்குறது ஏதாவது?"

"இல்லைங்க டாக்டர். நாள் தள்ளி ரெண்டு வாரம் வரைக்கும் வேலைக்குப் போய்ட்டுதான் இருந்தேன்."

"உங்க வீட்ல யாருக்காவது தைராய்டு இருக்கா பாட்டி?" என்று அம்மாவின் பக்கத்தில் நின்ற பாட்டியையும் கேட்டார். இல்லை என்று தலையசைத்தார் பாட்டி. பிறகு மருத்துவர் பின்னால் போய் நின்று, இரண்டு கை விரல்களையும் கழுத்தின் முன்பக்கம் வைத்து, ஒரு வாய் தண்ணீரை முழுங்கச் சொன்னார். கழலை எதுவும் விரலில் தட்டுப்படவில்லை. கண்ணைப் பார்த்தார். கருவிழிக்கு மேலே வெள்ளை தெரியவில்லை, கண் துருத்தவில்லை. இந்த ஐந்து நிமிடம்தான் பாதி நோயறிதல். கிரேவ்ஸ் கர்ப்பத்தைப் பார்த்து வருவதில்லை, பெரும்பாலும் அதற்கு மாதக்கணக்கில் முன்பே தொடங்கியிருக்கும். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் சில நேரம் விர்ரென்று ரத்தம் ஓடும் ஓசை கேட்கும். கண் துருத்தல் இருந்துவிட்டால் விவாதமே தேவையில்லை, ஹெச்.சி.ஜி. ஒருபோதும் கண்ணைத் துருத்த வைக்காது.

அடுத்தது ஸ்கேன். வயிற்றில் குழந்தை இருக்கிறதா, ஒன்றா இரண்டா என்பதோடு, இது முத்துப்பிள்ளைக் கர்ப்பமா என்றும் பார்த்தாக வேண்டும். கரு சரியாக உருவாகாமல் நஞ்சுக்கொடித் திசு திராட்சைக் குலை போல வீங்கி வளரும் அந்த நிலையில் ஹெச்.சி.ஜி. பல மடங்கு ஏறும், தைராய்டும் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். அதைக் கண்டறியாமல் கருப்பையைச் சுத்தம் செய்ய மயக்க மருந்து கொடுத்தால் இதயம் தாங்காமல் போகக்கூடும். தைராய்டு எண் இவ்வளவு ஏறியிருக்கும்போது ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். நம் பெண்ணுக்கு ஒற்றைக் குழந்தை, இதயத் துடிப்பு நன்றாக இருந்தது.

பிறகு டிரிப்ஸ். இதை நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கே இரண்டு விஷயம் நடக்கிறது.

முதலாவது, எந்த பாட்டில் முதலில் தொங்குகிறது என்பது. நம் ஊரில் வாந்தி என்றால் "குளுக்கோஸ் ஏத்துங்க" என்றுதான் கேட்போம். வாரக்கணக்கில் சாப்பாடு தங்காத பெண்ணின் உடம்பில் தயமின், அதாவது வைட்டமின் பி1, கிட்டத்தட்டத் தீர்ந்திருக்கும். தைராய்டு ஏறியிருந்தால் அது இன்னும் வேகமாகச் செலவாகும். அந்த நிலையில் குளுக்கோஸை நேராக ஏற்றினால், அதை எரிக்க மிச்சமிருக்கும் தயமினும் போய், மூளை பாதிக்கப்படலாம். கண் அலைபாயும், நடை தடுமாறும், நினைவு குழம்பும். வெர்னிக்கே மூளைப் பாதிப்பு என்று இதற்குப் பெயர். பிழைத்தாலும் நினைவு முழுதாகத் திரும்பாமல் போகலாம். தைராய்டு எண்ணைப் பார்த்துப் பதறுபவர்கள் மறந்துவிடக்கூடிய உண்மையான ஆபத்து இது. இந்த வார்டில் நர்ஸ் முதலில் தயமின் 100 மில்லிகிராமை நரம்பில் போட்டார். பிறகு தொங்கியது நார்மல் சலைன், பொட்டாசியம் சேர்த்து. ரத்தத்தில் அவள் பொட்டாசியம் 2.9 ஆக இறங்கியிருந்தது, சிறுநீரில் கீட்டோன் மூன்று பிளஸ். வாந்திக்கு ஊசியும், சாப்பிட முடிந்ததும் டாக்சிலமைனும் பைரிடாக்சினும் சேர்ந்த மாத்திரையும்.

இரண்டாவது, நாடித் துடிப்பு. வந்தபோது நிமிடத்துக்கு 118. மறுநாள் காலை, கிட்டத்தட்ட மூன்று லிட்டர் திரவம் உள்ளே போன பிறகு, நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்து முழு ஒரு நிமிடம் எண்ணினார். 88. ஃப்ரீ டி4 ஒரே இரவில் மாறியிருக்காது. மாறியது உடம்பில் இருந்த தண்ணீர். அந்தப் படபடப்பில் பெரும்பங்கு நீரிழப்பினுடையது என்று அந்த 88 சொல்லிவிட்டது. திரவம் நிறைந்த பிறகும் நாடி நூறுக்கு மேலேயே ஓடிக்கொண்டிருந்தால் அது வேறு கதை. அப்போது கிரேவ்ஸைத் தீவிரமாகத் தேட வேண்டும். தேடும் நாட்களில் படபடப்பு தாங்க முடியாமல் இருந்தால் புரோப்ரனலால் குறைந்த அளவில், குறைந்த நாளுக்குக் கொடுப்பதுண்டு.

உறுதி செய்ய ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு: டி.எஸ்.ஹெச். ஏற்பி எதிர்ப்பொருள், சுருக்கமாக ட்ராப். பூட்டில் உட்காரும் அந்த வழிதவறிய எதிர்ப்பொருளையே நேராக அளக்கும் சோதனை. கிரேவ்ஸ் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இது பாசிட்டிவாக இருக்கும், தற்காலிக வகையில் நெகட்டிவாக இருக்கும். சிறிய லேப்களில் பெரும்பாலும் செய்வதில்லை, வெளியே அனுப்பி ரிசல்ட் வரச் சில நாள் ஆகும். இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. தைராய்டு ஆன்டிபாடி என்று கேட்டால் சில இடங்களில் ஆன்டி டி.பி.ஓ.வைச் செய்துவிடுவார்கள். அது எந்தத் தைராய்டு நோயும் இல்லாத பெண்கள் பலரிடமும் பாசிட்டிவாக இருக்கும். அதை வைத்துக் கிரேவ்ஸ் என்று முடிவு கட்டக் கூடாது. முடிக்காகவும் நகத்துக்காகவும் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும். சில கருவிகளில் பயோட்டின் கலந்த ரத்தம் டி.எஸ்.ஹெச்.சைப் பொய்யாகக் குறைத்தும், டி4-ஐப் பொய்யாகக் கூட்டியும், ட்ராப்பைக்கூடப் பொய்யாகப் பாசிட்டிவ் ஆக்கியும் காட்டும். இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தால் உண்மை தெரிந்துவிடும். கர்ப்பிணி அல்லாதவர்களுக்குச் செய்யும் கதிரியக்கத் தைராய்டு ஸ்கேன் இங்கே அறவே கூடாது.

நம் பெண்ணின் ட்ராப் நெகட்டிவ். தைராய்டுக்கு என்று எந்த மாத்திரையும் இல்லாமல் ஆறாவது நாள் வீட்டுக்குப் போனாள்.

இதே வார்டில் இன்னொரு படுக்கையையும் காட்டாமல் விட்டால் கட்டுரை ஒருதலைப்பட்சம் ஆகிவிடும். மசக்கைதானே என்று விட்டுவிடும் தவறும் நடக்கிறது, அது இன்னும் மோசமான தவறு. பதினோரு வாரம், வாந்தி ஒரு நாளைக்கு ஒருமுறை, இருமுறைதான். ஆனால் கல்யாணத்துக்கு அளவெடுத்துத் தைத்த ரவிக்கை நாள் தள்ளும் முன்பே தொளதொளத்துப்போயிருந்தது. பசி நன்றாக எடுத்தும் எடை குறைந்துகொண்டே வந்திருந்தது. மாடிப்படி ஏறினால் தொடை வலுவிழந்து உட்கார்ந்துவிடுவாள். கழுத்தில் இரண்டு பக்கமும் சமமான மென்மையான வீக்கம். சித்திக்குத் தைராய்டு. டிரிப்ஸ் ஏற்றிய பிறகும் நாடி 116. டி4 ஏறியிருந்ததைவிட டி3 அதிகமாக ஏறியிருந்தது. இதுவும் கிரேவ்ஸின் பக்கம் கைகாட்டும் அடையாளம். ட்ராப் பாசிட்டிவ். இவளுக்கு மருந்து தேவை, உடனே தேவை. முதல் மூன்று மாதம் என்பதால் புரொப்பைல்தயோயுராசில், ஃப்ரீ டி4-ஐ எல்லையின் மேல்விளிம்பிலேயே நிறுத்தும் அளவுக்குக் குறைந்த மாத்திரை. இவளுக்கு மருந்து கொடுக்காமல் விட்டால் கரு கலையலாம், பின்னால் ரத்த அழுத்தம் ஏறலாம், குழந்தை எடை குறைந்து பிறக்கலாம், தாயின் இதயமே சோர்ந்துபோகலாம்.

கிரேவ்ஸில் அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைத் தாண்டும் என்பதும் முக்கியம். பதினெட்டு, இருபதாவது வாரத்திலிருந்து குழந்தையின் தைராய்டும் அதற்கு ஆடத் தொடங்கும். அதனால் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வாரத்துக்குள் ட்ராப்பை மறுபடி அளக்கிறார்கள். இயல்பின் உச்சத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் ஸ்கேனில் குழந்தையின் இதயத் துடிப்பு, வளர்ச்சி, கழுத்து எல்லாவற்றையும் கவனிப்பார்கள். முன்பே கிரேவ்ஸுக்காகத் தைராய்டை அறுவை செய்து எடுத்தவர்களும் கதிரியக்க அயோடின் குடித்தவர்களும் இதைத் தங்கள் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். சுரப்பி போனாலும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் தங்கிக் குழந்தைக்குப் போகக்கூடும். தற்காலிக வகையில் இந்தக் கவலை எதுவும் குழந்தையைத் தொடுவதில்லை.

காலமும் ஒரு சோதனைதான், ஆனால் அதை வைத்து ஏமாறவும் வழி உண்டு. தற்காலிக வகை பதினான்கிலிருந்து பதினெட்டு வாரத்துக்குள் தானாக இறங்கிவிடும். கிரேவ்ஸும் கர்ப்பத்தின் பிற்பாதியில் அடங்கும், ஏனென்றால் கருவை ஏற்றுக்கொள்வதற்காகத் தாயின் நோயெதிர்ப்பே மென்மையாகிறது. பிரசவமாகிச் சில மாதங்களில் அது மறுபடி எகிறும். ஆகவே முதலில் ட்ராப் எடுக்காமல், "இறங்கிடுச்சே, மசக்கைதான்" என்று கோப்பை மூடுவது சரியல்ல.

நம் பெண் பன்னிரண்டாவது வாரத்தில் வந்தபோது ஃப்ரீ டி4 1.8. வாந்தி ஒரு நாளைக்கு மூன்று முறையாகக் குறைந்திருந்தது. பதினான்காவது வாரத்தில் 1.4. டி.எஸ்.ஹெச். மட்டும் இன்னும் 0.03 என்றே நின்றது. லேபில் அதைப் பார்த்து "இன்னும் சரியாகலையே" என்று கணவர் பதறினார். பிட்யூட்டரி தூங்கி எழுவதற்குச் சில வாரம் பிடிக்கும், டி4 இறங்கிய பிறகுதான் டி.எஸ்.ஹெச். மெல்ல ஏறும் என்று மருத்துவர் அவருக்கு வரைந்து காட்டினார். பதினெட்டாவது வாரத்தில் 0.7. அன்று எடை 50 கிலோ. அம்மா எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொண்டுவந்திருந்தார், வெளி நோயாளிகள் பகுதியின் பெஞ்சிலேயே அவள் அதைச் சாப்பிட்டு முடித்தாள். ட்ராப் ரிப்போர்ட்டைக் கிழிக்காமல் வைத்துக்கொள்ளச் சொன்னார் மருத்துவர். அடுத்த கர்ப்பத்திலும் பத்தாவது வாரத்தில் இதே எண்கள் வர வாய்ப்பு உண்டு. அப்போது பார்க்கப்போகிறவர் வேறு ஊரில் வேறு மருத்துவராக இருக்கலாம்.